புள்ளி வைத்த தேதிகளை உண்மைத் தேதிகளாக்குதல்

தமிழ்நாட்டு அலுவலகங்களில் தேதியைப் புள்ளி வைத்து எழுதுவதுதான் வழக்கம். அரசாணையின் தலைப்பில் ‘நாள்: 05.03.2024’ என்று இருக்கும். கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் கடிதத்திலும் அதே புள்ளிகள். காஞ்சிபுரத்தில் தறிகளுக்குப் பாவு கொடுத்துச் சேலை வாங்கும் ஒருவர், பல ஆண்டுகளாக நோட்டில் எழுதிய கணக்கை எக்செலுக்கு மாற்றும்போது இந்தப் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. நோட்டில் இருந்ததை இருந்தபடியே அடிக்கிறார்கள். திரையில் பார்த்தால் தேதிகள் தேதிகளாகவே தெரிகின்றன.

எந்தத் தறிக்கு முதலில் பாவு போனது என்று வரிசைப்படுத்தும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. ஏப்ரலில் கொடுத்த பாவு ஜனவரியில் கொடுத்ததற்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் நாள் கணக்குக்குப் பதில் #VALUE! என்ற பிழை வருகிறது. ‘05.03.2024’ என்பது மனிதக் கண்ணுக்குத்தான் தேதி. ஷீட்டுக்கு அது எண்களும் புள்ளிகளும் கலந்த வெறும் எழுத்து. அந்த எழுத்தை ஷீட் கணக்கிடக்கூடிய தேதியாக மாற்றுவதும், மாற்றம் சரிதானா என்று சோதிப்பதும் இந்த அத்தியாயத்தின் வேலை. சொல்லப்போகும் முறை எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிபர்ஆஃபீஸ் கால்க் மூன்றுக்கும் பொருந்தும்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

முறையைக் காட்டுவதற்காக ஆறு தறிகள் கொண்ட ஒரு சிறு பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். A நெடுவரிசையில் தறி எண், B-யில் பாவு கொடுத்த நாள்.

| A: தறி | B: பாவு கொடுத்த நாள் |
|---|---|
| 1 | 05.03.2024 |
| 2 | 21.02.2024 |
| 3 | 12.04.2024 |
| 4 | 3.1.24 |
| 5 | 30.01.2024 |
| 6 | 31.02.2024 |

நான்காம் தறிக்கு எழுதியவர் பூஜ்யங்களையும் நூற்றாண்டையும் விட்டுவிட்டார். ஆறாம் தறியில் இல்லாத ஒரு தேதியே இருக்கிறது. நோட்டிலிருந்து ஏற்றிய எந்தக் கணக்கிலும் இந்த இரண்டு வகையும் இருக்கும் என்பதால் இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன்.

B நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தினால் ஷீட் எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒப்பிடும். முதலில் 05, பிறகு 12, 21, 3, 30, 31 என்று வரும். அதாவது மார்ச் 5, ஏப்ரல் 12, பிப்ரவரி 21, அதற்குப் பிறகுதான் ஜனவரி 3. ஆண்டும் மாதமும் கணக்கிலேயே வரவில்லை. முதலில் நிற்கும் இலக்கமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது.

ஷீட் தேதியை எப்படி வைத்திருக்கிறது

ஷீட்டுக்கு ஒரு தேதி என்பது ஓர் எண். எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது 1. அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். அந்த எண்ணிக்கையில் 2024 ஜனவரி 1 என்பது 45292, மார்ச் 5 என்பது 45356. செல்லுக்குள் கிடப்பது 45356 என்ற எண் மட்டுமே. அதை 05-03-2024 என்றோ 5 மார்ச் 2024 என்றோ காட்டுவது செல்லுக்குக் கொடுத்த வடிவம்.

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. எண்ணாக இருப்பதால்தான் உண்மைத் தேதியைச் சரியாக வரிசைப்படுத்த முடிகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இடையிலுள்ள நாட்கள் கிடைப்பதும் அதனால்தான். மாதவாரியாகத் தொகுக்க முடிவதும் அப்படியே. எழுத்தாகக் கிடக்கும் தேதிக்கு வடிவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. B நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Format Cells-இல் Date என்று கொடுத்துப் பாருங்கள்; எதுவும் மாறாது. உள்ளே எண் இல்லாதபோது வடிவத்துக்கு வேலை இல்லை.

எது தேதி, எது எழுத்து

மாற்றத் தொடங்குமுன் நெடுவரிசையில் எத்தனை உண்மைத் தேதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கண்ணால் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு: எழுத்து செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எண்ணும் தேதியும் வலது ஓரத்தில் நிற்கும். ஆனால் யாராவது நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்த அடையாளம் போய்விடும். ஆகவே இரண்டு ஃபார்முலாக்களை ஏதேனும் காலி செல்களில் போடுங்கள்.

```
=COUNTA(B2:B7)
=COUNT(B2:B7)
```

முதலாவது நிரம்பிய செல்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டாவது அவற்றில் எண்களாக இருப்பவற்றை மட்டும் எண்ணும். நம் கணக்கில் 6, 0 என்று வரவேண்டும். இரண்டாவது 0 என்றால் எல்லாமே எழுத்து. ஒரே முறையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். இரண்டும் சமம் என்றால் எல்லாம் எண்கள். அவை தேதிகள்தானா, சரியான தேதிகளா என்று பார்ப்பது மட்டுமே மிச்சம்.

இரண்டாவது எண் இடையில் எங்கோ நின்றால் கவனம் தேவை. சிலர் கோடு போட்டு 05-03-2024 என்று அடித்திருப்பார்கள்; அவை ஏற்கெனவே தேதிகளாகியிருக்கும். சிலர் ஆண்டை விட்டுவிட்டு 12.04 என்று மட்டும் அடித்திருப்பார்கள். அதை ஷீட் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு என்ற தசம எண்ணாக வாங்கிக்கொள்ளும். இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இழப்பும் உண்டு. அக்டோபர் 12 என்று நினைத்து 12.10 என்று அடித்தால், தசம எண்ணின் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்பதால் 12.1 மட்டுமே மிஞ்சும். அக்டோபர் ஜனவரியாகிவிட்டது, எந்த ஃபார்முலாவாலும் அதை மீட்க முடியாது. ஆண்டில்லாத பதிவுகளுக்கு நோட்டைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

செய்யக்கூடாத குறுக்குவழி

பலரும் முதலில் கையாள்வது Find and Replace. புள்ளியைத் தேடி, அதற்குப் பதில் சாய்கோடு அல்லது சிறு கோடு வைத்தால் எக்செல் உடனே தேதியாக மாற்றிவிடும். வட்டார அமைப்பு இந்தியா என்று இருக்கும் கணினியில் இது சரியாகவே நடக்கும். ஆனால் எத்தனையோ கணினிகளில் விண்டோஸை நிறுவியபோது இருந்த English (United States) அமைப்பு அப்படியே கிடக்கிறது. அந்த அமைப்பு மாதத்தை முதலில் படிக்கும்.

நம் பதிவேட்டை அத்தகைய கணினியில் மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் தறியின் 05/03/2024 மே 3 ஆகிவிடும். மூன்றாம் தறியின் 12/04/2024 டிசம்பர் 4 ஆகும். நான்காம் தறியின் 3/1/24 மார்ச் 1 ஆகும். 21, 30, 31 என்று தொடங்கும் மூன்றும் எந்த மாதமாகவும் இருக்க முடியாது என்பதால் எழுத்தாகவே நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பாதி மாறியிருக்கிறது, மாறிய பாதி தவறாக மாறியிருக்கிறது.

இதன் ஆபத்து அடுத்த கட்டத்தில் இன்னும் கூடுகிறது. மாறாமல் நின்ற மூன்றை மட்டும் கண்டு, அவற்றைக் கையால் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் கெட்டுப்போனவை தேதியாக மாறிய மற்ற மூன்றும்தான்.

வேறு யாரோ மாற்றிக் கொடுத்த ஃபைல் உங்கள் கைக்கு வந்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே மாதமாகவும் படிக்கத்தக்கவை. ஆகவே பதிவுகள் மாதம் முழுவதும் பரவியிருந்தால், ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு செல்கள் மட்டும் எண்களாகவும் மீதி எழுத்தாகவும் இருக்கும். COUNT, COUNTA இரண்டும் அந்த விகிதத்தில் நின்றால், எண்களாக நிற்பவற்றில் ஒன்றிரண்டை நோட்டோடு ஒப்பிடாமல் மேலே போகாதீர்கள்.

மூன்றாகப் பிரித்து, நாமே சேர்த்தல்

நாளும் மாதமும் எது என்று ஊகிக்கும் வேலையைக் கணினியிடம் விடாமல் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. புள்ளி இருக்கும் இடங்களில் தேதியை வெட்டி, நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண்களாக்கி, எது எது என்று நாமே சொல்லிச் சேர்க்க வேண்டும். வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும் விடை ஒன்றுதான்.

முதலில் ஃபைலைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். B-க்கு வலப்புறம் C முதல் G வரை காலியாக இருக்கட்டும். அங்கே வேறு கணக்கு இருந்தால் அதை முன்பே நகர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் பிரியும் துண்டுகள் அதன்மேல் விழும். இனி B நெடுவரிசையை நகலெடுத்து C-யில் ஒட்டுங்கள். வேலை எல்லாம் C-யில் நடக்கும். B-யில் எழுதியது எழுதியபடி இருக்கும். பின்னால் ஒப்பிட அது வேண்டும். C, D, E மூன்றின் வடிவத்தையும் General என்று வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் அதற்குப் பெயர் Automatic.

எக்செலில் C2 முதல் C7 வரை தேர்ந்தெடுத்து, Data பட்டியலில் Text to Columns என்பதைச் சொடுக்குங்கள். முதல் திரையில் Delimited. இரண்டாம் திரையில் மற்ற குறிகளை எடுத்துவிட்டு, Other என்பதற்கு எதிரே உள்ள பெட்டியில் ஒரு புள்ளி. மூன்றாம் திரையில் General என்று இருப்பதை அப்படியே விட்டு Finish. லிபர்ஆஃபீஸிலும் Data பட்டியலில் Text to Columns தான். அங்கே Separated by, Other என்ற இடத்தில் புள்ளி. கூகுள் ஷீட்ஸில் Data, Split text to columns. பிரிப்பானாக Custom தேர்ந்தெடுத்துப் புள்ளியை அடியுங்கள்.

முதல் தறியின் வரியில் இப்போது C-யில் 5, D-யில் 3, E-யில் 2024 என்று நிற்கும். நான்காம் தறியில் 3, 1, 24. மூன்று எண்களும் வலது ஓரத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். F2-இல் இந்த ஃபார்முலாவைப் போட்டு F7 வரை இழுத்துவிடுங்கள்.

```
=DATE(IF(E2<100,2000+E2,E2),D2,C2)
```

DATE என்பது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மூன்று எண்களை வாங்கித் தேதியாக்கும். IF பகுதி இரண்டு இலக்க ஆண்டுக்காக. அது இல்லாமல் 24 என்று நேராகக் கொடுத்தால் எக்செல் அதை 1924 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பதிவேட்டில் 1998, 1999 ஆண்டுகளும் 98, 99 என்று எழுதப்பட்டிருந்தால் இந்த ஃபார்முலா அவற்றை 2098, 2099 ஆக்கிவிடும். அப்படியானால் அந்த ஆண்டுகளை E-யில் முழுமையாக எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

F-இல் தேதிக்குப் பதில் 45356 போன்ற எண் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதுதான் தேதியின் உள்மதிப்பு. வடிவத்தைப் பின்னால் கொடுப்போம்.

சோதனை நெடுவரிசை

DATE ஃபார்முலாவுக்கு ஒரு குணம் உண்டு. பொருந்தாத எண்ணைக் கொடுத்தாலும் அது மறுக்காது. ஆறாம் தறியின் 31, 2, 2024 என்பதைக் கொடுத்தால், பிப்ரவரி முடிந்த பிறகு மிச்சமுள்ள இரண்டு நாட்களைச் சேர்த்து மார்ச் 2 என்று விடை தரும். பதின்மூன்றாம் மாதம் என்று கொடுத்தால் அடுத்த ஆண்டின் ஜனவரிக்குப் போய்விடும். காலி வரியில் ஃபார்முலாவை இழுத்திருந்தால் அங்கே 1999 நவம்பர் 30 என்று ஒரு தேதி முளைத்திருக்கும். எல்லாமே பார்வைக்கு ஒழுங்கான தேதிகள்.

ஆகவே விடையைத் திரும்பப் பிரித்து, கொடுத்ததும் கிடைத்ததும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். G2-இல் இதைப் போட்டு இழுங்கள்.

```
=AND(COUNT(C2:E2)=3,DAY(F2)=C2,MONTH(F2)=D2)
```

முதல் பகுதி மூன்று துண்டுகளும் எண்கள்தானா என்று கேட்கிறது. அடுத்த இரண்டும் விளைந்த தேதியின் நாளும் மாதமும் நாம் கொடுத்தவைதானா என்று கேட்கின்றன. மூன்றும் பொருந்தினால் TRUE, ஒன்று தவறினாலும் FALSE. G-யில் FALSE வருபவற்றையும் பிழைச் செய்தி வருபவற்றையும் மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதும். ஆயிரம் வரி இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டியவை சிலவே.

நம் கணக்கில் ஆறாம் தறி FALSE காட்டும். நோட்டைப் பார்த்தால் அங்கே 13.02.2024 என்று இருக்கிறது. அடித்தவர் கை இலக்கங்களை மாற்றிப் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். C-யில் 13 என்று திருத்தினால் G-யில் TRUE வந்துவிடும். நோட்டும் தெளிவாக இல்லை என்றால் ஊகித்து ஒரு தேதியை எழுதாதீர்கள். F-இல் உள்ளதை அழித்துக் காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். காலி செல்லைப் பிறகு நிரப்பலாம். பொய்த் தேதியைப் பிறகு யாராலும் அடையாளம் காண முடியாது.

FALSE வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. B-யில் ஏற்கெனவே உண்மைத் தேதியாக இருந்தவை புள்ளி இல்லாததால் பிரிந்திருக்காது; C-யில் ஒரே எண்ணாக நிற்கும். அவை சரியான தேதிகள்தான் என்று நோட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு, F-இல் =B2 என்பதுபோல அந்தந்த வரியின் செல்லை எழுதலாம். வங்கிக் கணக்குப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ ஒட்டியவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க எண்ணாக இருந்தும் செல் இடது ஓரத்தில் நிற்கும். TRIM மட்டும் அதை நீக்காது. அந்த வரிகளுக்கு இப்படிச் சுத்தம் செய்த எழுத்தை எடுத்து, மதிப்பாக ஒட்டி, மறுபடியும் பிரியுங்கள்.

```
=TRIM(SUBSTITUTE(B2,CHAR(160),""))
```

சோதனையில் சிக்காத தவறுகள்

G நெடுவரிசை முழுவதும் TRUE ஆகிவிட்டால், எழுதியது எழுதியபடியே தேதியாகியிருக்கிறது என்று பொருள். எழுதியதே தவறாக இருந்தால் அது இதில் சிக்காது. 2024 என்பதற்குப் பதில் 2042 என்று அடித்திருந்தாலும் TRUE தான். அதற்கு F நெடுவரிசையின் மிகப் பழைய தேதியையும் மிகப் புதிய தேதியையும் எடுத்துப் பாருங்கள்.

```
=MIN(F2:F7)
=MAX(F2:F7)
```

செல்களுக்குத் தேதி வடிவம் கொடுத்தால், நம் கணக்கில் 2024 ஜனவரி 3, 2024 ஏப்ரல் 12 என்று வரும். பதிவேடு தொடங்கிய நாளுக்கு முந்திய தேதியோ, இன்னும் வராத நாளோ தென்பட்டால் ஆண்டில் பிழை இருக்கிறது.

இன்னொரு சோதனை தொழிலிலிருந்தே கிடைக்கிறது. பாவு கொடுத்த பிறகுதான் சேலை வரும். ‘கடைசிச் சேலை வந்த நாள்’ என்ற நெடுவரிசையையும் இதே முறையில் மாற்றி, இரண்டு தேதிகளையும் ஒரு புது ஷீட்டில் மதிப்பாக ஒட்டுங்கள்: A-யில் தறி, B-யில் பாவு கொடுத்த நாள், C-யில் கடைசிச் சேலை வந்த நாள். D2-இல் இதைப் போடுங்கள்.

```
=C2-B2
```

D-யின் வடிவம் General ஆக இருக்கட்டும். தேதி வடிவம் ஒட்டிக்கொண்டிருந்தால் நாள் கணக்குக்குப் பதில் 1900-ஆம் ஆண்டுத் தேதி ஒன்று தெரியும். முதல் தறிக்குச் சேலை முடிந்த நாள் 28.04.2024 என்றால் விடை 54. ஐந்தாம் தறிக்கு 16.01.2024 என்று எழுதியிருந்தால் விடை -14. ஜனவரி 30-இல் கொடுத்த பாவு ஜனவரி 16-இல் முடிந்திருக்க முடியாது. நோட்டில் அது 16.03.2024 என்று இருந்தால் விடை 46 ஆகிச் சரியாகிவிடும். நாள் மாதம் இடம் மாறிய பிழைகளும் பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான் வெளிப்படும்: விடை எதிர்மறையாக வரும், அல்லது ஒரு பாவுக்கு நம்ப முடியாத அளவு நாட்கள் காட்டும்.

புள்ளியைத் திரும்ப வைத்தல்

புது ஷீட்டில் ஒட்டும்போது சாதாரணமாக ஒட்டக் கூடாது. ஃபார்முலா வந்து ஒட்டிக்கொள்ளும், துண்டு நெடுவரிசைகளை அழித்ததும் தேதிகள் குலைந்துவிடும். F-ஐ நகலெடுத்து Paste Special, Values என்று ஒட்டுங்கள். பிறகு Format Cells, Custom சென்று இந்த வடிவத்தைக் கொடுங்கள்.

```
dd.mm.yyyy
```

நான்காம் தறியின் 3.1.24 இப்போது 03.01.2024 என்று தெரியும். அலுவலகம் பழகிய புள்ளிகள் திரும்ப வந்துவிட்டன, உள்ளே இருப்பதோ 45294 என்ற எண். சங்கத்துக்கு அனுப்பும் பட்டியலில் புள்ளி வேண்டும் என்பவர்களும், சரக்கு மற்றும் சேவை வரிப் படிவத்துக்கு 03-Jan-2024 என்ற வடிவம் வேண்டும் என்பவர்களும் ஒரே நெடுவரிசையைப் பயன்படுத்தலாம். வடிவத்தை மாற்றினால் போதும், யாரும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. இப்படி ஆன தேதியை அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தாலும் நாள் மாறாது.

இனி பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து பாவு கொடுத்த நாளை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஜனவரி 3, ஜனவரி 30, பிப்ரவரி 13, பிப்ரவரி 21, மார்ச் 5, ஏப்ரல் 12 என்று வரும். தேதி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் தேதிகள் ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்குத் தாவிவிடும். தறி எண்ணும் சேர்ந்து தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு

கழித்தலில் வரும் எண்ணைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் எல்லோரும் அறிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2019-இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் எழுந்தருளியிருந்தார். ஷீட்டில் ஆகஸ்ட் 17-இலிருந்து ஜூலை 1-ஐக் கழித்தால் 47 தான் வரும். கழித்தல் இரண்டு நாட்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்கிறது. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமானால் ஒன்று கூட்ட வேண்டும்.

```
=DATE(2019,8,17)-DATE(2019,7,1)+1
```

தறிக் கணக்கில் எது வேண்டும் என்பது வழக்கத்தைப் பொறுத்தது. பாவு கொடுத்த நாளையும் வேலை நாளாக எண்ணும் வழக்கம் இருந்தால் ஒன்று கூட்டுங்கள். எதைத் தேர்ந்தாலும் நெடுவரிசையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள், எல்லாத் தறிக்கும் ஒரே முறையாக இருக்கட்டும்.

முதல் தறியின் பாவில் மூன்று சேலை வந்தது என்றால், 54 நாட்களை மூன்றால் வகுக்கச் சேலைக்கு 18 நாள். இந்த எண்ணை வைத்து ஒரு தறியை இன்னொன்றோடு ஒப்பிடுமுன் சேலையின் வகையையும் ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும் கோர்வைச் சேலைக்கு உடன் ஓர் ஆள் வேண்டும், நாளும் கூடும். சாதாரணக் கரைச் சேலையின் நாட்களோடு அதை ஒப்பிட்டால் நெசவாளரைத் தவறாக எடைபோட்டுவிடுவோம்.

சேலை இன்னும் வராத தறிகளுக்கு C காலியாக இருக்கும். அங்கே கழித்தால் பெரிய எதிர்மறை எண் வரும். D2-இல் முன்பு போட்டதற்குப் பதில் இதைப் போட்டால், முடிந்தவற்றுக்கு எடுத்த நாட்களும் முடியாதவற்றுக்கு இன்றுவரை ஆன நாட்களும் கிடைக்கும்.

```
=IF(C2="",TODAY(),C2)-B2
```

ஆண்டுக் கணக்கை ஏப்ரலில் தொடங்குபவர்களுக்கு நிதியாண்டும் வேண்டும். ஏப்ரலுக்கு முந்திய மாதமாக இருந்தால் ஆண்டில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

```
=YEAR(B2)-(MONTH(B2)<4)
```

பிப்ரவரி 21-க்கு இது 2023 என்று தரும், அதாவது 2023-24. ஏப்ரல் 12-க்கு 2024.

இனி எழுதப்போகும் தேதிகள்

பழைய கணக்கைச் சரிசெய்த பிறகு, புதிய பதிவுகள் மறுபடியும் எழுத்தாக விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு காலி செல்லில் 13-1-2024 என்று அடித்துப் பாருங்கள். அது வலது ஓரத்துக்குப் போனால் அந்தக் கணினி நாளை முதலில் படிக்கிறது. இடதிலேயே நின்றால் மாதத்தை முதலில் படிக்கிறது; விண்டோஸின் Region பகுதியில் English (India) என்று மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது கணினியைச் சார்ந்ததல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் File, Settings, Locale என்ற இடத்தில் India என்று இருக்க வேண்டும்.

பிறகு அடிப்பவர்களிடம் கோடு வைத்து அடிக்கச் சொல்லுங்கள். செல்லுக்கு dd.mm.yyyy வடிவம் கொடுத்திருந்தால், 5-3-2024 என்று அடித்தாலும் திரையில் 05.03.2024 என்றே தெரியும். புள்ளிதான் கைக்குப் பழக்கம் என்பவர்களுக்கு லிபர்ஆஃபீஸில் ஒரு வசதி உண்டு. Options-இல் மொழி அமைப்புகளின் கீழ் Date acceptance patterns என்ற பெட்டியில் ஏற்கெனவே உள்ளவற்றோடு ஓர் அரைப்புள்ளியிட்டு D.M.Y என்று சேர்த்தால், புள்ளி வைத்து அடித்ததையும் அது தேதியாகவே ஏற்கும்.

எக்செலில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data, Data Validation சென்று Allow என்ற இடத்தில் Date, தொடக்கத் தேதியாகப் பதிவேடு தொடங்கிய நாள், முடிவுத் தேதியாக =TODAY() என்று கொடுங்கள். அதன்பின் புள்ளி வைத்து அடித்தால் எக்செல் ஏற்காமல் நிறுத்தும். வராத நாளையும் நிறுத்தும். ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை இந்தக் காவல் தடுக்காது. எனவே மாதம் ஒருமுறை COUNT, COUNTA இரண்டையும் ஒப்பிடுவதை விட்டுவிடாதீர்கள்.

‘மாசி 22’ என்பதுபோலத் தமிழ்த் தேதியில் எழுதிய பழைய நோட்டுகளுக்கு இந்த அத்தியாயத்தின் ஃபார்முலா எதுவும் உதவாது. தமிழ் மாதத்தின் நீளம் 29 நாளிலிருந்து 32 நாள்வரை மாறும், ஆண்டுக்கு ஆண்டும் வேறுபடும். அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கத்தையோ நாட்காட்டியையோ பார்த்து ஆங்கிலத் தேதியை எழுதி, அதன் பிறகு ஷீட்டில் ஏற்றுங்கள்.

பழைய ஷீட்டின் துண்டு நெடுவரிசைகளான C, D, E மூன்றையும் அவற்றைச் சார்ந்த F, G இரண்டையும் வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். முதலில் அடித்த எழுத்துத் தேதிகள் இருக்கும் B நெடுவரிசையை மட்டும் அந்த ஆண்டின் தணிக்கை முடியும்வரை மறைத்தாவது வைத்திருங்கள். நெசவாளரோ தணிக்கையாளரோ ஒரு தேதியைக் கேள்வி கேட்டால், நோட்டில் என்ன இருந்தது, அடிக்கும்போது என்ன ஆனது, மாற்றும்போது என்ன ஆனது என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்ட அது ஒன்றுதான் உதவும்.